இரண்டாவது அடியிலேயே நிமிர்ந்துவிடும் பிள்ளைகள்

"வணக்கம் சார். குடியாத்தம் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரை 100 மீட்டருக்குத் தயார் செய்கிறேன். கையை ஊன்றிக் குனிந்து கிளம்புகிற கிரவுச் ஸ்டார்ட் எடுத்த இரண்டாவது அடியிலேயே எல்லோரும் சட்டென்று நிமிர்ந்துவிடுகிறார்கள். 'தலையைக் கீழே வை, தாழ்ந்து ஓடு' என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. பள்ளியில் இருப்பது ஒரே ஒரு ஸ்டார்ட்டிங் பிளாக், அதற்கும் ஆணி கிடையாது. குறுவட்டப் போட்டிக்கு ஆறு வாரம் இருக்கிறது. எங்கே இருந்து ஆரம்பிக்கட்டும்?"

டீச்சர், வணக்கம்.

முதல் வேலையாக, "தலையைக் கீழே வை" என்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். நானும் பல வருடம் அதைத்தான் கத்திக்கொண்டிருந்தேன். வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் சொன்ன சொல் தட்டமாட்டார்கள். தாடையை மார்போடு ஒட்டிக்கொள்வார்கள், முதுகு ஆமை ஓடு மாதிரி வளையும், மூன்றாவது அடியில் முகம் குப்புற விழப்போகும். விழாமல் இருக்க வெடுக்கென்று நிமிர்வார்கள். நாம் அதைப் பார்த்து இன்னும் சத்தமாகக் கத்துவோம்.

நிமிர்வது தலையில் ஆரம்பிப்பதில்லை, பாதத்தில் ஆரம்பிக்கிறது. ஸ்டார்ட்டில் உடம்பு முன்னால் சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வை விழாமல் தாங்குவது பின்னால் தள்ளுகிற கால்தான். பாதம் இடுப்புக்கு நேர் கீழேயோ சற்றுப் பின்னாலோ விழுந்தால் அடுத்த தள்ளலும் முன்னோக்கிப் போகும், சாய்வும் நிற்கும். பாதம் இடுப்பைத் தாண்டி முன்னால் போய் விழுந்தால் அது பிரேக். இடுப்புக்கு மேலே உள்ள உடம்பு எழுந்துவிடும். ஆக, நிமிர்ந்த உடம்பைப் பார்த்தால் முந்தைய அடி எங்கே விழுந்தது என்று தேடுங்கள். பெரும்பாலும் முதல் அடி நீளமாகப் போயிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கக் கேமரா கூட வேண்டாம். உங்கள் பள்ளி மைதானம் மண் மைதானமாகத்தான் இருக்கும். கோட்டிலிருந்து ஆறு மீட்டர் வரை தென்னந்துடைப்பத்தால் ஒரு முறை பெருக்கி, லேசாகத் தண்ணீர் தெளித்துவிடுங்கள். ஒரு பிள்ளையை ஓடவிட்டு, தடத்தைக் குனிந்து பாருங்கள். நன்றாகத் தள்ளிய தடத்தில் விரல் பக்கம் ஆழமாக இருக்கும், மண் பின்னால் சிதறியிருக்கும். பிரேக் போட்ட தடத்தில் குதிகால் பதிந்திருக்கும், மண் முன்பக்கம் குவிந்திருக்கும். பிள்ளைகளையும் கூட்டிவந்து காட்டுங்கள். பத்து நிமிடம் விளக்கிப் புரியாதது அந்த மண்ணைப் பார்த்ததும் அவர்களுக்குப் புரிந்துவிடும்.

என்னிடம் வந்த ஒரு ஒன்பதாம் வகுப்பு மாணவியின் கணக்கைச் சொல்கிறேன். உயரம் 150 செ.மீ. இருக்கும். நின்றபடி ஓடச் சொன்னால் பிரமாதமாகக் கிளம்புவாள், குனிந்து உட்கார வைத்தால் மாட்டிக்கொள்வாள். டேப் வைத்து அளந்தேன். கோட்டிலிருந்து முதல் தடம் 80 செ.மீ. அடுத்த இடைவெளி 70, அதற்கடுத்தது 100, அப்புறம் 95. முதல் அடியை எட்டி வைத்துவிட்டு, இரண்டாவது அடியில் தடுமாறி, மூன்றாவதில் நிமிர்ந்திருக்கிறாள். குறை அவளுடையது இல்லை. "முதல் அடி பெரிசா வை" என்று கத்திப் பழக்கியதே நான்தான். டிவியில் பெரிய ஓட்டக்காரர்கள் பிளாக்கிலிருந்து பாய்வதைப் பார்த்து, அது எட்டி வைப்பதால் வருகிறது என்று நினைத்திருந்தேன். அவர்களுக்கு அது தள்ளுவதால் வருகிறது. அவ்வளவு பலம் இல்லாத பிள்ளை எட்டி மட்டும்தான் வைக்கும்.

ஐந்து வாரம் கழித்து அதே மாணவியின் தடம்: கோட்டிலிருந்து 45, அப்புறம் 85, 95, 105, 115. இந்த எண்களை உங்கள் பிள்ளைகளுக்கு அப்படியே போட்டுவிடாதீர்கள், உயரத்துக்கும் பலத்துக்கும் ஏற்ப மாறும். கோட்டைத் தாண்டியதும் முதல் தடம் கிட்டத்தில் இருக்க வேண்டும், அதன்பின் ஒவ்வொரு இடைவெளியும் முந்தையதைவிடக் கொஞ்சம் கூட வேண்டும். எங்கே குறைகிறதோ அங்கேதான் கோளாறு.

அந்த ஐந்து வாரமும் என்ன செய்தோம் என்பதுதான் உங்கள் கேள்விக்குப் பதில். பிளாக்கை ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டிவிட்டோம். நின்ற நிலையில் ஆரம்பித்து, வாரத்துக்கு ஒரு படி கீழே இறங்கினோம்.

முதல் வாரம், விழுந்து ஓடுவது. இரண்டு காலும் சேர்த்து, குச்சி போல நேராக நிற்கச் சொல்லுங்கள். கணுக்காலிலிருந்து முன்னால் சாய வேண்டும், இடுப்பை மடக்கக் கூடாது. இனி நிற்க முடியாது என்கிற கடைசி நொடியில் கால் தானாக முன்னே வரும், அப்படியே 10 மீட்டர் ஓட வேண்டும். பயந்த பிள்ளைகள் சாய்வதற்கு முன்பே காலை வைத்துவிடுவார்கள். அவர்களுக்கு எதிரே ஒரு தோழியை நிறுத்தி, இரண்டு தோளையும் உள்ளங்கையால் தாங்கச் சொல்லுங்கள். நன்றாகச் சாய்ந்ததும் தோழி பக்கவாட்டில் விலகிவிட வேண்டும். பின்னால் போனால் இரண்டு பேரும் மோதிக்கொள்வார்கள். எட்டி வைக்க நேரமே இல்லாததால் இதில் அடி தானாகவே சின்னதாக, உடம்புக்குக் கீழே விழும். நீங்கள் வாயால் சொல்லிக்கொடுக்க வேண்டியதைச் சாய்வே சொல்லிக்கொடுத்துவிடும்.

இந்த வாரம் சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்றே ஒன்று: "தரையைப் பின்னால தள்ளு." முட்டியைத் தூக்கு, கையை வீசு, தாடையை அடக்கு எல்லாம் வேண்டாம். பிள்ளைக்குத் தன் உடம்பின் பாகத்தைப் பற்றிச் சொன்னால் அந்தப் பாகத்தை நினைத்துக்கொண்டே விறைத்துப்போகும். தரையைப் பற்றிச் சொன்னால் உடம்பு தானே வழி கண்டுபிடிக்கும். புரியாத பிள்ளைக்கு, நின்றுபோன ஷேர் ஆட்டோவைத் தள்ளச் சொன்னால் எப்படித் தள்ளுவாய் என்று கேளுங்கள். குனிந்து, கை நீட்டி, காலைப் பின்னால் ஊன்றிக் காட்டுவார்கள். நமக்கு வேண்டிய சாய்வு அதுதான்.

இரண்டாவது வாரம் ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே வைத்து நின்ற ஸ்டார்ட். எந்தக் கால் முன்னே என்பதை இப்போதே முடிவு செய்துவிடுங்கள். ஒவ்வொரு பிள்ளையையும் இரண்டு விதத்திலும் மூன்று மூன்று முறை ஓடவிட்டு, எதில் முதல் மூன்று தடமும் நேராக, சீராகக் கூடுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். வலது கைக்காரர்களில் பலருக்கு இடது கால் முன்னே வரும், ஆனால் அதைச் சட்டமாக்க வேண்டாம். எடையில் பாதிக்கு மேல் முன்காலில் இருக்கட்டும், முன்காலுக்கு எதிர்க் கை முன்னே இருக்கட்டும். 15 மீட்டர் போதும்.

மூன்றாவது வாரம் அதே நிலையிலிருந்து ஒரு கையைத் தரையில் ஊன்றுவது, அதாவது மூன்று புள்ளி ஸ்டார்ட். பல பள்ளிகளில் இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கிறார்கள், எனக்கு அது தவறாகத்தான் படுகிறது. இடுப்பு உயரமாக இருப்பதால் பலம் குறைந்த பிள்ளைக்கும் இதிலிருந்து வெளியே வர முடியும். குனிந்து கிளம்பினாலும் விழமாட்டோம் என்ற தைரியம் இங்கேதான் வருகிறது. ஆனால் இது பயிற்சிக்கு மட்டும். 400 மீட்டர் வரையிலான ஓட்டங்களில் கிரவுச் ஸ்டார்ட் கட்டாயம். 'ஆன் யுவர் மார்க்ஸ்' என்றதும் இரண்டு கையும் ஒரு முட்டியாவதும் தரையைத் தொட வேண்டும், கை கோட்டுக்குப் பின்னால் இருக்க வேண்டும், கோட்டின் மேல் படக் கூடாது.

நான்காவது வாரம் இரண்டு கையும் தரையில், பிளாக் இல்லாமல். இங்கே மறுபடி ஒருசில பிள்ளைகள் நிமிர ஆரம்பிப்பார்கள். பதற வேண்டாம், அந்தப் பிள்ளையை மட்டும் ஒரு படி மேலே அனுப்பி, மூன்று புள்ளி ஸ்டார்ட்டில் நான்கு முறை ஓடவிட்டுத் திரும்பக் கூப்பிடுங்கள். பன்னிரண்டு பேரும் ஒரே படியில் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. எனக்கு ஒரு பையன் நான்காவது வாரம் முடியும் வரை இரண்டாவது படியிலேயே நின்றான். கை கால் திடீரென்று நீண்டு வளர்கிற வயசு, தன் உடம்பே அவனுக்குப் புதுசு.

'ஆன் யுவர் மார்க்ஸ்' கட்டளைக்கு அடுத்து வருகிற 'செட்' நிலையில் இடுப்பு தோளைவிடக் கொஞ்சம் உயரமாக இருக்க வேண்டும், தோள் கைக்கு நேர் மேலேயோ ஒரு விரற்கடை முன்னேயோ இருக்க வேண்டும். முன்கால் முட்டி ஏறக்குறைய 90 டிகிரி, பின்கால் அதைவிட விரிந்து 120 டிகிரிக்குப் பக்கம். புரோட்ராக்டரோடு அலைய வேண்டாம். முன்கால் முட்டி, அவர்கள் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கிற மூலைமட்டத்தின் மூலை மாதிரி இருந்தால் சரி. இடுப்பு தோளைவிடத் தாழ்ந்திருந்தால் பிள்ளை மேல்நோக்கித்தான் எழும்பும், வேறு வழியே இல்லை. நிமிர்வதற்கு முதல் காரணம் நீண்ட அடி என்றால், இரண்டாவது காரணம் இந்தத் தாழ்ந்த இடுப்பு. ஆனால் தொடையில் பலமே இல்லாத பிள்ளைக்கு 90 டிகிரி கூட ஆழம் அதிகம். அதற்கு இடுப்பை இன்னும் சற்று உயர்த்தி வைக்கலாம், பார்க்க அழகாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

ஐந்தாவது வாரம்தான் பிளாக் வெளியே வரும். அளவுக்குப் பிள்ளையின் சொந்தப் பாதத்தையே பயன்படுத்துங்கள். பிளாக்கில் பாதத்தை வைக்கிற பலகைதான் பெடல். கோட்டிலிருந்து முன் பெடல் இரண்டு பாத நீளம், பின் பெடல் மூன்று பாத நீளம். இதை ஆரம்ப அளவாக வைத்துக்கொண்டு, 'செட்'டில் முட்டி ரொம்ப மடங்கினால் பிளாக்கைக் கொஞ்சம் பின்னே தள்ளுங்கள். ஆணி இல்லாத பிளாக் தள்ளியதும் வழுக்கும், வழுக்குகிற பிளாக்கை நம்பி எந்தப் பிள்ளையும் முழு பலத்தோடு தள்ளாது. ஒரு மாணவனைப் பிளாக்கின் பின்பக்கத் தண்டில் இரண்டு காலையும் வைத்து ஏறி நிற்கச் சொல்லுங்கள். இன்னொரு வழி, பழைய வழி, குழி. 1936 பெர்லினில் ஜெஸ்ஸி ஓவன்ஸ் கையில் கரணை வைத்து டிராக்கில் குழி தோண்டித்தான் ஓடினார். ஒலிம்பிக்கில் பிளாக் வந்ததே 1948 லண்டனில்தான். பின்சுவர் செங்குத்தாக இருக்கும்படி தோண்டி, தண்ணீர் விட்டு மிதித்து இறுக்கினால் ஒரு காலை முழுக்கத் தாங்கும். மைதானத்தைத் தோண்டுவதற்குத் தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மாலையில் மூடியும்விடுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் கபடி ஆடுகிறவன் காலை மடக்கிக்கொள்வான்.

பிளாக்கில் எல்லோரும் செய்கிற ஒரு தப்பு கண்ணுக்குத் தெரியாது. 'செட்' சொன்னதும் இடுப்பு அழகாக உயரும், ஆனால் பாதம் பெடலைச் சும்மா தொட்டுக்கொண்டிருக்கும். கிளாப் அடித்த பிறகுதான் கால் பெடலைத் தேடிப் போய் அழுத்தும். இதற்கு ஒரு சோதனை வைத்திருக்கிறேன். பழைய தேர்வுத் தாளைப் பட்டையாகக் கிழித்து, பின்காலுக்கும் பெடலுக்கும் நடுவில் வையுங்கள். 'செட்' சொல்லிவிட்டுத் தாளை மெதுவாக இழுங்கள். சுலபமாக வந்துவிட்டால் அழுத்தம் இல்லை. கிழிந்தால் சரி. பிள்ளைகளுக்கு இது ஒரு விளையாட்டு மாதிரி ஆகிவிடும், ஒருத்தருக்கொருத்தர் இழுத்துப் பார்ப்பார்கள். இந்த வாரத்து வார்த்தை "பெடலை அமுக்கு." முதல் வாரத்து வார்த்தையை இப்போது சொல்ல வேண்டாம், இரண்டையும் சேர்த்துச் சொன்னால் இரண்டும் போய்விடும்.

ஆறாவது வாரம் கட்டளை. நம்மில் பலர் 'செட்' சொல்லி ஒரே தாளத்தில் கிளாப் அடிப்போம், பிள்ளைகள் கிளாப்பைக் கேட்டு ஓடமாட்டார்கள், தாளத்தை எண்ணி ஓடுவார்கள். போட்டியில் ஸ்டார்ட்டர் அரை வினாடி கூடப் பிடித்தால் அவ்வளவுதான். 2010-லிருந்து சர்வதேச விதியில் முதல் தவறான ஸ்டார்ட்டுக்கே வெளியேற்றம், 2011 தேகு உலகப் போட்டியின் 100 மீட்டர் இறுதியில் உசைன் போல்ட்டே அப்படித்தான் வெளியே போனார். அதனால் ஒரு முறை சீக்கிரம், ஒரு முறை இழுத்து, ஒரு முறை கிளாப்பே அடிக்காமல் "எழுந்திரு" என்று சொல்லிவிடுங்கள். கிளாப்பையும் கோட்டுக்குப் பின்னாலிருந்தே அடியுங்கள், கை அசைவைப் பார்த்துக் கிளம்புகிற கில்லாடிகள் இருப்பார்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு? முழு வேகத்தில் ஆறிலிருந்து எட்டு ஸ்டார்ட், ஒவ்வொன்றுக்கும் நடுவே இரண்டு நிமிட ஓய்வு. வரிசையில் பன்னிரண்டு பேர் நின்றால் ஓய்வு தானாகக் கிடைத்துவிடும். வாரத்துக்கு மூன்று நாள். வார்ம் அப் முடிந்ததும் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள், ரவுண்டு ஓடிக் களைத்த பிறகு கடைசியில் வைத்தால் தப்பைத்தான் பழக்குவீர்கள். நம் வேலூர் வெயிலுக்குக் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. பாலாற்று மணலில் ஓடவிட்டால் கால் பலம் வரும் என்று சிலர் சொல்வார்கள். பலத்துக்கு வேண்டுமானால் சரி, ஸ்டார்ட்டுக்கு வேண்டாம். பாதம் தள்ளும்போது மணல் நழுவிப் போகும், தரை பதிலுக்குத் தள்ளாது.

எவ்வளவு தூரம் தாழ்ந்து ஓட வேண்டும் என்றும் பிள்ளைகள் கேட்பார்கள். 30 மீட்டர் வரை எழாமல் ஓடுகிற உலக வீரர்களின் வீடியோவைப் பார்த்திருப்பார்கள். அவர்கள் அவ்வளவு தூரம் வேகம் கூட்டிக்கொண்டே போகிறார்கள், அதனால் சாய்வும் நீள்கிறது. நம் பிள்ளைகளின் வேகம் அதைவிடச் சீக்கிரமே உச்சத்துக்கு வந்துவிடும். ஏழெட்டு அடி வரை சாய்வு இருந்து, அப்புறம் படிப்படியாக எழுந்தால் போதும். எழுவது தப்பில்லை, இரண்டாவது அடியில் எழுவதுதான் தப்பு. அதே வீடியோக்களைப் பார்த்து, பின்கால் பெருவிரலைத் தரையில் இழுத்துக்கொண்டு கிளம்புகிறவர்களும் வருவார்கள். வெறுங்காலோடு ஓடுகிற பிள்ளைக்கு ஒரே நாளில் விரல் தோல் உரிந்துவிடும், அதை அன்றைக்கே நிறுத்துங்கள்.

முன்னேற்றத்தை ஸ்டாப்வாட்சில் பார்க்காதீர்கள். 10 மீட்டரில் வருகிற வித்தியாசம் ஒன்றிரண்டு பத்தில் ஒரு பங்கு வினாடிதான், நம் கட்டைவிரலே அவ்வளவு தப்பு பண்ணும். 10 மீட்டர் கோட்டுக்கு நேர் எதிரே, பக்கவாட்டில் 20 மீட்டர் தள்ளி போனைப் படுக்கை வாக்கில் நாற்காலியில் சாய்த்து வைத்து வீடியோ எடுங்கள். கை தரையை விட்ட பிரேமிலிருந்து மார்பு கோட்டைத் தாண்டுகிற பிரேம் வரை எண்ணுங்கள். வினாடிக்கு 30 பிரேம் என்றால், நான் சொன்ன மாணவிக்கு முதல் வாரம் 69 பிரேம், கடைசி வாரம் 66. பத்தில் ஒரு பங்கு வினாடி. மூன்று ஓட்டம் எடுத்து நடுவில் வருகிறதை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. குறுவட்டப் போட்டியில் பிளாக் வேறு மாதிரி இருக்கும், அதில் எழுதியிருக்கிற எண்ணும் உங்கள் பிளாக்கின் எண்ணும் ஒத்துப்போகாது. பிள்ளைகள் பதற்றத்தில் பாதத்தை வைத்து அளக்கவும் மறந்துவிடுவார்கள். ஆளுக்கு ஒரு சணல் கயிறு கொடுத்து, முன் பெடல் தூரத்தில் ஒரு முடிச்சு, பின் பெடல் தூரத்தில் ஒரு முடிச்சு போட்டுவிடுங்கள். கயிற்றின் நுனியைக் கோட்டில் வைத்து, முடிச்சைப் பார்த்துப் பெடலை மாட்டினால் அரை நிமிடத்தில் வேலை முடிந்தது. முடிச்சுப் பக்கத்தில் பேனாவால் பெயரை எழுதிவையுங்கள், பன்னிரண்டு கயிறும் ஒரே பையில்தான் கிடக்கும்.